ஆறு இலக்க எண்ணும் இன்வாய்ஸ் கெடுவும்

வெளிநாட்டு மொழிபெயர்ப்பு ஏஜென்சிகள் பலவும் ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர்களின் கணக்கை மாதம் ஒருமுறைதான் முடிக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் மின்னஞ்சலில் வரும். மாதக் கடைசியில் அவற்றுக்கெல்லாம் இன்வாய்ஸ் போட்டு, ஏஜென்சியின் பணப் பட்டுவாடாத் தளத்தில் கெடுவுக்குள் ஏற்ற வேண்டும். தவறினால் பணம் போய்விடாது. அடுத்த மாதக் கணக்கில் சேரும். 45 நாளில் பணம் தரும் ஏஜென்சியிடம் சில மணி நேரம் பிந்தினால், அது 75 நாள் காத்திருப்பாகிவிடும். மாத வாடகையை இந்த வருமானத்தில் கட்டுபவருக்கு அது பெரிய அடி.

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துக்கொள்ளலாம். ஏஜென்சி ஜெர்மனியில் இருக்கிறது. கெடு நவம்பர் 30, அங்கே நண்பகல் 12 மணி. இங்கே மாலை 4.30. 29ஆம் தேதி இரவு 10 மணிக்கு அவர் தளத்தைத் திறக்கிறார். கடவுச்சொல்லைத் தளம் ஏற்கிறது. அடுத்து ஆறு இலக்க எண் கேட்கிறது. அதைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. அந்த வாரம்தான் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியது வாங்கியிருந்தார். சிம் அதேதான், எண்ணும் அதேதான். ஆனாலும் உள்ளே போக முடியவில்லை.

காரணம், இந்த எண் சிம்முக்கு வருவதல்ல. வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தியாக வரும். ஆத்தென்டிகேட்டர் எண்ணை யாரும் அனுப்புவதில்லை. முதன்முதலில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் பதிந்தது. அதே சாவி தளத்திடமும் இருக்கிறது. சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, போனும் தளமும் பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு புது எண்ணைத் தனித்தனியே உண்டாக்குகின்றன. இரண்டும் ஒத்தால் கதவு திறக்கும். போன் போனால் சாவியும் போனது. கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை, அது வேறு பூட்டு. குத்துமதிப்பாக எண் போட்டுப் பார்ப்பதோ இன்னும் கெடுதல்: பத்து லட்சத்தில் ஒன்று பொருந்த வேண்டும், சில தவறுகளுக்குப் பிறகு கணக்கே முடங்கும்.

அந்த இரவில் பார்க்க வேண்டியவை சிலவே. பழைய போன் வீட்டிலேயே இருந்து, ரீசெட் ஆகாமல் இருந்தால், சார்ஜ் போட்டுச் செயலியைத் திறந்தால் போதும். சிம்மும் இணையமும் இல்லாமலே எண் காட்டும். எண் வந்தும் தளம் மறுத்தால் போனின் கடிகாரம் பிசகியிருக்கலாம். தேதி, நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றினால் சரியாகிவிடும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 முதல் சாவிகளைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி உண்டு. அந்தக் கணக்கோடு இணைத்திருந்தவருக்குப் புதுப் போனிலும் எண்கள் தோன்றும். கடைசியாக, முதலில் பதிவு செய்தபோது தளம் தந்த மீட்புக் குறியீடுகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வேலை செய்யும். இவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஆக, அன்றிரவு தளம் திறக்காது. உதவிப் பிரிவுக்கு எழுதினால் அடையாள அட்டை கேட்டு, சரிபார்த்து, பழைய சாவியை நீக்க ஓரிரு வேலை நாளாவது ஆகும். தேடுபொறியில் கிடைக்கும் ‘உதவி எண்’ணை அழைப்பது ஆபத்து, பதற்றத்தில் இருப்பவரிடம் ஓடிபி கேட்டு வாங்கும் மோசடிக்காரர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். தளத்தின் சொந்த முகவரியில் உள்ள உதவிப் பக்கம் மட்டுமே நம்பத் தக்கது.

ஆனால் தளத்தில் நுழைவது வேறு, கெடுவைக் காப்பது வேறு. ஆர்டர் எண்களும் தொகைகளும் மின்னஞ்சலில் இருப்பதால் இன்வாய்ஸை அன்றிரவே பிடிஎஃப்பாகத் தயாரிக்க முடியும். அதை ஏஜென்சியின் கணக்குப் பிரிவுக்கும் ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் அனுப்பி, தளம் முடங்கியதையும் உதவிப் பிரிவு தந்த டிக்கெட் எண்ணையும் இரண்டு வரியில் சொன்னால் போதும். அங்கே அப்போது மாலை 5.30, மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போது மடல் முன்னே இருக்கும், நண்பகலுக்கு இன்னும் நேரமும் இருக்கும். ஏற்பது அவர்கள் விருப்பம்தான், ஆனாலும் இன்வாய்ஸ் கெடுவுக்குள் வந்ததற்கு மடலின் நேரமே சாட்சி. வங்கிக் கணக்கை மாற்றும் பேச்சை மட்டும் இந்த மடலில் எடுக்கவே கூடாது. உள்ளே போக முடியவில்லை, பணத்தை வேறு கணக்குக்கு அனுப்புங்கள் என்பது மோசடி மடல்களின் வாடிக்கையான பல்லவி. பார்த்தவுடன் பணத்தை நிறுத்திவைப்பார்கள்.

கணக்கு திரும்பக் கிடைத்ததும் புதுப் போனில் சாவியைப் பதிந்து, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, போனும் கணினியும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பிறகு அதே இன்வாய்ஸைத் தளத்தில் ஏற்ற வேண்டும், அதே எண்ணிலும் தேதியிலும். புது எண் கொடுத்தால் ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் என்று கணக்குப் பிரிவு இரண்டையுமே நிறுத்திவிடும்.