அப்பாவின் ஓர் அங்குலம் மகனுக்கு முழுசாக வருமா?

உயரமான அப்பாவுக்கு உயரமான மகன் பிறப்பான் என்று யாரும் சொல்லிவிடலாம். எவ்வளவு என்று கேட்டால்தான் சிக்கல். ஒருவர் இன்னொருவரைவிட ஓர் அங்குலம் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகனும் அடுத்தவர் மகனைவிடச் சராசரியாக ஓர் அங்குலம் உயரமாக இருப்பானா? அந்த அங்குலம் முழுசாக வருமா, பாதி வருமா, ஒன்றுமே வராதா?

இந்தக் கேள்வியை எண்களால் அணுகியவர்களில் முக்கியமானவர்கள் லண்டனில் இருந்த கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும். அவர்கள் 1903இல் வெளியிட்ட ஆய்வில் 1,078 அப்பா–மகன் ஜோடிகளின் உயரங்கள் இருந்தன. அப்பாக்களின் சராசரி 67.7 அங்குலம், மகன்களின் சராசரி 68.7 அங்குலம். அந்தத் தரவு இன்றும் புள்ளியியல் மாணவர்களின் கைகளில் புழங்குகிறது. ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிகளின் ஊடே மிகப் பொருத்தமான நேர்கோட்டை வரைந்தால் கிடைப்பது இது:

மகன் உயரம் = 33.9 + 0.514 × அப்பா உயரம்

இதில் 0.514 என்பதுதான் சாய்வு. அப்பாக்களிடையே ஓர் அங்குல வித்தியாசம் இருந்தால், மகன்களிடையே சராசரியாக அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம் தெரிகிறது என்று அதற்குப் பொருள்.

ஆனால் 0.514 என்பது இந்த 1,078 குடும்பங்கள் தந்த எண் மட்டுமே. வேறு 1,078 குடும்பங்களை அளந்திருந்தால் 0.49 வந்திருக்கலாம், 0.54 வந்திருக்கலாம். இப்படி ஒரு மாதிரிக்கும் இன்னொரு மாதிரிக்கும் சாய்வு வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்லும் அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர். இங்கே அது 0.027. புள்ளிகள் கோட்டைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன, அப்பாக்களின் உயரங்கள் தமக்குள் எவ்வளவு பரவியிருக்கின்றன, ஜோடிகள் எத்தனை என்ற மூன்றையும் வைத்து அது கணக்கிடப்படுகிறது.

இந்தத் தரவை எந்தப் புள்ளியியல் மென்பொருளில் போட்டாலும் சாய்வுக்குப் பக்கத்தில் 0.514, 0.027, 19.01 என்று மூன்று எண்கள் வரும். மூன்றாவது எண்தான் டி மதிப்பு. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த சோதனை இது. 19 என்பது மிகப் பெரிய எண். இவ்வளவு ஜோடிகள் இருக்கும்போது டி மதிப்பு 1.96ஐத் தாண்டினாலே போதும், 5 சதவீத அளவில் 'தற்செயல் அல்ல' என்று சொல்லிவிடலாம்.

எது தற்செயல் அல்ல? மென்பொருள் சோதித்தது ஒரே ஒரு கேள்வியை: உண்மையான சாய்வு பூஜ்யமா? அதாவது, அப்பாவின் உயரத்துக்கும் மகனின் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லையா? சம்பந்தம் இல்லை என்று யாரும் நினைக்கவில்லை. நாம் கேட்டது, ஓர் அங்குலம் முழுசாக வருகிறதா என்று. அந்தக் கேள்விக்கான எண் பூஜ்யம் அல்ல, ஒன்று. மென்பொருள் தானாக அச்சிடும் 19.01இல் அதற்குப் பதில் இல்லை.

பதிலைப் பெறுவதற்குப் புதிய சோதனை எதுவும் வேண்டாம். டி மதிப்பின் சூத்திரமே இதற்கு இடம் தருகிறது:

t = (b − c) / SE

b என்பது தரவு தந்த சாய்வு. c என்பது நாம் சோதிக்க விரும்பும் மதிப்பு. SE என்பது திட்டப்பிழை. c பூஜ்யமாக இருக்கும்போது கழிப்பதற்கு ஒன்றும் இல்லாததால், சாய்வைத் திட்டப்பிழையால் வகுத்தாலே போதும். அப்படி வந்ததுதான் 19.01. c ஒன்று என்றால், 0.514இலிருந்து 1ஐக் கழிக்க −0.486. அதை 0.027 என்ற திட்டப்பிழையால் வகுத்தால் ஏறத்தாழ −18. உண்மையான சாய்வு ஒன்றாக இருந்தால் நாம் கண்ட சாய்வு அதிலிருந்து 18 திட்டப்பிழைகள் தள்ளி விழுந்திருக்கிறது. அது நடக்கக்கூடியதல்ல. ஆகவே அப்பாவின் கூடுதல் அங்குலம் முழுசாக வருவதில்லை.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டி மதிப்பைக் கையால் திருத்திவிட்டு, நிகழ்தகவுக்கு மட்டும் மென்பொருள் அச்சிட்ட எண்ணையே எடுத்துக்கொள்வார்கள். அந்த நிகழ்தகவு பூஜ்யத்தைப் பற்றிய கேள்விக்கு உரியது. புதிய டி மதிப்புக்குப் பொருந்தாது. ஜோடிகளின் எண்ணிக்கையிலிருந்து 2ஐக் கழித்து, டி அட்டவணையில் அந்த வரிசையில் பார்த்துப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி, மகன் உயரத்துக்குப் பதிலாக 'மகன் உயரம் கழித்தல் அப்பா உயரம்' என்ற வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு கோடு வரைவது. சாய்வில் சரியாக ஒன்று குறையும்; திட்டப்பிழை மாறாது. இப்போது மென்பொருள் வழக்கம்போல் பூஜ்யத்தைச் சோதித்தாலும், அது நம்முடைய ஒன்றைச் சோதித்ததாகவே ஆகிறது. ஆர் மொழியில் இந்தத் தரவு ஒரு தொகுப்பில் கிடைக்கிறது:

```
library(UsingR)
summary(lm(I(sheight - fheight) ~ fheight, data = father.son))
```

இதில் சாய்வு −0.486 என்றும் டி மதிப்பு −17.96 என்றும் வரும்.

எந்த எண்ணைக் கழிப்பது என்பதைத் தரவு சொல்லாது. அது நாம் முன்வைக்கும் கருத்திலிருந்து வர வேண்டும். பியர்சனின் தரவிலேயே இன்னொரு கருத்தைச் சோதிக்கலாம். பிள்ளை அப்பாவிடமிருந்து பாதி மரபணுக்களைத்தான் பெறுகிறது, மீதி அம்மாவுடையது. உயரம் முழுக்க முழுக்க மரபணுக்களின் கூட்டுத்தொகை என்றும், கணவன் மனைவி உயரங்களுக்கிடையே தொடர்பில்லை என்றும் வைத்துக்கொண்டால், எதிர்பார்க்க வேண்டிய சாய்வு 1 அல்ல, 0.5. அதைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 0.014, டி மதிப்பு வெறும் 0.52. தரவு 0.5ஐ மறுக்கவில்லை.

மறுக்கவில்லை என்பதற்காக நிரூபித்துவிட்டது என்று சொல்ல முடியாது. உயரமானவர்கள் உயரமானவர்களை மணக்கும் போக்கு உண்டு என்பதைப் பியர்சனும் லீயுமே கண்டார்கள். கணவன் மனைவி உயரங்களுக்கிடையே 0.28 அளவில் தொடர்பு இருந்தது. அப்படியானால் உயரமான அப்பாவின் மகனுக்கு அம்மா வழியிலும் கொஞ்சம் உயரம் வருகிறது. முழு மரபு என்ற கருத்துப்படி சாய்வு 0.64 ஆகிவிடும். அதைச் சோதித்தால் டி மதிப்பு −4.7, தரவு அதை மறுக்கிறது. ஆக, மரபணுவின் பங்கு பெரிதானாலும் முழுமையல்ல. மண உறவின் தாக்கமும் சேர்ந்து சாய்வைத் தற்செயலாக 0.5 அருகே நிறுத்தியிருக்கிறது. ஒரு மதிப்பு சோதனையில் தேறிவிட்டது என்றால் தரவோடு அது முரண்படவில்லை என்று மட்டுமே பொருள். 0.5ஐப் போலவே 0.48உம் 0.55உம் தேறும். நம்பிக்கை இடைவெளி என்பது இப்படித் தேறும் மதிப்புகளின் பட்டியல்தான். இங்கே அது 0.46இலிருந்து 0.57 வரை.

ஜோடிகள் குறைவாக இருந்தால் இந்தப் பட்டியல் எப்படி நீளும் என்று பார்ப்போம். பியர்சனுக்குப் பத்துக் குடும்பங்கள்தான் கிடைத்தன, ஆனால் சாய்வும் சிதறலும் அப்படியே இருந்தன என்று கற்பனை செய்வோம். திட்டப்பிழை 0.3 ஆகப் பெருகிவிடும். பூஜ்யத்துக்கு டி மதிப்பு 1.7, ஒன்றுக்கு −1.6. பத்து ஜோடிக்கான எல்லை 2.31 என்பதால் இரண்டுமே எல்லைக்குள் அடங்கிவிடும். சம்பந்தமே இல்லை என்பதையும் மறுக்க முடியாது, முழுசாக வருகிறது என்பதையும் மறுக்க முடியாது! சாய்வு ஒன்று என்று காட்ட ஆசைப்படும் ஒருவர் சின்ன மாதிரியை எடுத்து, 'வித்தியாசம் இல்லை' என்று அறிவித்துவிட முடியும் என்பது இதில் உள்ள ஆபத்து. புதிய ரத்தச் சர்க்கரைக் கருவி ஆய்வகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்பீடுகளில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

அத்தகைய ஒப்பீடுகளில் இன்னொரு கோளாறும் சேர்ந்து வரும். படத்தின் கிடை அச்சில் வைக்கும் அளவில் பிழை இருந்தால், சாய்வு எப்போதும் பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்படும். பூஜ்யத்தைச் சோதிப்பவருக்கு இதனால் பெரிய மோசம் இல்லை. உள்ள தொடர்பு கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒன்றைச் சோதிப்பவரையோ இது நேரடியாக ஏமாற்றும். உண்மையில் சரியாக ஒன்றாக இருக்கும் சாய்வு 0.9 என்று தெரியும். ஜோடிகள் நிறைய இருந்தால் டி சோதனை அதை உறுதியாக மறுத்தும்விடும். நம் 0.514 அப்படி வந்ததாக இருக்குமா? உண்மைச் சாய்வு ஒன்றாக இருந்து அளவுப் பிழையால் இவ்வளவு குறைந்திருந்தால், அப்பாக்களின் உயரத்தை அளந்ததில் வழக்கமான பிழை 1.9 அங்குலம் இருந்திருக்க வேண்டும். அளவுகோலால் அளக்கும் யாரும் அவ்வளவு தவறுவதில்லை. ஆகவே இங்கே முடிவு நிற்கிறது. இரண்டு கருவிகளும் பிழை உள்ளவை என்றால் சாதாரணக் கோட்டை விட்டு, இரண்டு பக்கப் பிழைகளையும் கணக்கில் எடுக்கும் டெமிங் முறைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, சாய்வு ஒன்றைவிடக் குறைவு என்று உறுதியான பிறகும் அதற்குத் தவறான பொருள் கொள்ள வாய்ப்பிருக்கிறது. 1886இல் பிரான்சிஸ் கால்டன் இதே போக்கைக் கண்டு, உயரம் சராசரியை நோக்கித் திரும்புவதாக எழுதினார். அப்படியென்றால் சில தலைமுறைகளில் எல்லோரும் ஒரே உயரம் ஆகிவிடுவார்களா? பியர்சன் தரவில் அப்பாக்களின் உயரப் பரவல் 2.74 அங்குலம், மகன்களுடையது 2.81. பரவல் சுருங்கவே இல்லை. அச்சுகளை மாற்றி, மகன் உயரத்திலிருந்து அப்பா உயரத்தைக் கணித்தால் சாய்வு 0.489, அதுவும் ஒன்றைவிடக் குறைவு. மிக உயரமான மகன்களின் அப்பாக்கள் சராசரியாக அவ்வளவு உயரமில்லை என்று அது காட்டுகிறது. காலம் எந்தத் திசையில் ஓடினாலும் வரும் விளைவு இது. தொடர்பு முழுமையாக இல்லாத இடமெங்கும் வரும். பூஜ்யத்துக்கான டி மதிப்பு இரண்டு திசையிலும் ஒரே 19.01தான். ஒன்றுக்கான டி மதிப்பு ஒரு திசையில் −18, மறுதிசையில் ஏறக்குறைய −20. ஆகவே ஒன்றைச் சோதிக்கும்போது, எதிலிருந்து எதைக் கணிக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓர் ஆய்வறிக்கை சாய்வையும் திட்டப்பிழையையும் அச்சிட்டிருந்தால், அதன் ஆசிரியர் எதைச் சோதித்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை. நம் கேள்விக்குரிய எண்ணைக் கழித்து, திட்டப்பிழையால் வகுத்து, நாமே பதிலைக் கண்டுவிடலாம். வெறும் நட்சத்திரக் குறியோ நிகழ்தகவோ மட்டும் தந்திருந்தால், பூஜ்யமா இல்லையா என்ற அவர்கள் கேள்வியைத் தாண்டி நம்மால் போக முடியாது.