தொண்டையில் நிற்கும் உருண்டை

“சாப்பிடும்போது அது இருக்குதா, அக்கா?”

மாடி வீட்டு டீச்சரிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். வயது 47. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை ‘ம்க்கும்’ என்று செருமிக்கொள்கிறார். ஐந்து மாதமாகத் தொண்டைக்குழியில் நெல்லிக்கொட்டை அளவுக்கு ஏதோ நிற்கிறது, விழுங்கினால் இறங்குவதில்லை, காறினால் வருவதில்லை என்றார். வலி மட்டும் கிடையாது. அவருடைய சித்தப்பா தொண்டைப் புற்றுநோயில் போனவர். அதனால் ராத்திரி தூக்கமும் போயிருந்தது.

அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “சாப்பிடறப்போ ஞாபகமே வரலை தம்பி. சப்பாத்தி, கறி எல்லாம் நல்லாத்தான் இறங்குது. சும்மா இருக்கும்போது எச்சில் முழுங்கினாத்தான் தெரியுது.”

இந்தப் பதிலிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. உணவுக்குழாயில் நிஜமாகவே ஒரு கட்டி வளர்ந்து வழியை அடைத்தால், முதலில் சிக்குவது கெட்டியான சாப்பாடு. சப்பாத்தி, கறித்துண்டு, உதிரிச் சோறு எல்லாம் நிற்கும். தண்ணீர் குடித்துக் குடித்து இறக்க வேண்டியிருக்கும். போகப் போக இட்லியும் சிக்கும், கடைசியில் கஞ்சிதான் இறங்கும். டீச்சருக்கு இருப்பது இதற்கு நேர்மாறு. சாப்பாடு இறங்கும்போது உருண்டை காணாமல் போகிறது, வெறும் எச்சிலுக்குத் திரும்பி வருகிறது. வலி இல்லாமல், விழுங்குவதில் தடை இல்லாமல், தொண்டை நடுவில் வந்து போகும் இந்த உணர்வுக்குத்தான் குளோபஸ் என்று பெயர். வாழ்க்கையில் எப்போதாவது இதை உணர்ந்தவர்கள் ஏராளம். நடுவயதில்தான் அதிகம் பார்க்கிறோம்.

உருண்டையே இல்லையென்றால் நிற்பதுதான் என்ன? தொண்டை முன்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளைக் குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே ஒரு வளையம் தட்டுப்படும். அதன் பின்னால்தான் உணவுக்குழாயின் வாசல் இருக்கிறது. அந்த வாசலை ஒரு தசை எந்நேரமும் இறுக்கி மூடியே வைத்திருக்கிறது. மூச்சிழுக்கும்போது காற்று வயிற்றுக்குப் போகாமல் இருக்கவும், வயிற்றில் உள்ளது மேலே வராமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. விழுங்கும்போது ஒரு நொடிக்கும் குறைவாகத் திறக்கும். ஏப்பம் விடும்போதும் வாந்தியின்போதும் திறக்கும். மற்ற நேரமெல்லாம் மூடியபடிதான். தூங்கும்போது அதன் இறுக்கம் குறைகிறது, மனம் பதறும்போது கூடுகிறது. துக்கம் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இந்தத் தசையும் குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளும் சற்று இறுகி, அந்த இறுக்கத்தைக் கவனம் பிடித்துக்கொள்ளும்போது ஒரு பொருள் உட்கார்ந்திருப்பதுபோலவே தோன்றுகிறது. பெரும்பாலானோரிடம் நடப்பது இதுதான். 1707-லேயே ஜான் பர்செல் என்ற மருத்துவர், கழுத்துத் தசைகள் சுருங்கிக் குரல்வளையை அழுத்துவதால் இது வருகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். அப்படியிருந்தும் பின்னால் நெடுங்காலம், பெண்களுக்கு வரும் மனக்கோளாறு என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். ஆண்களுக்கும் இது வருகிறது. கற்பனையும் இல்லை.

டீச்சரிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். வாயில் எதுவும் இல்லாமல் எச்சிலை அடுத்தடுத்து ஐந்து தடவை விழுங்குங்கள். மூன்றாவதோ நான்காவதோ வரும்போது எச்சில் தீர்ந்துபோய், தொண்டை இறுகி, ஏதோ நிற்பதுபோல இருக்கும். எந்த நோயும் இல்லாதவருக்கும் இப்படித்தான். உருண்டை போய்விட்டதா என்று பார்க்க டீச்சர் நாள் முழுக்க இதையேதான் செய்துகொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க உருண்டை கூடியது.

செருமலுக்கும் இதே கதை. கனைக்கும்போது குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. மோதிய இடம் லேசாக வீங்கி உறுத்துகிறது. உறுத்திய இடத்தைக் காக்க உடம்பு இன்னும் கொஞ்சம் சளியைச் சுரந்துவிடுகிறது. அந்தச் சளி கரகரக்க, மறுபடி ஒரு ‘ம்க்கும்’. சேற்றுப்புண்ணைச் சொறிவதுபோலத்தான்: சொறிந்த கணம் சுகம், அடுத்த கணம் அரிப்பு. டீச்சரின் மகளை ஒரு மணி நேரம் எண்ணச் சொன்னேன். செருமல் 30-ஐத் தாண்டியது. டீச்சரே நம்பவில்லை. பாதிக்கு மேல் தன்னை அறியாமல் செய்தது. முதலில் எதனால் ஆரம்பித்திருந்தாலும், மாதக்கணக்கில் அதை ஓட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தச் செருமலும் வெறும் விழுங்கலும்தான்.

ஆரம்பித்தது எது என்று தேடுவதில் முதல் ஆளாகக் கூண்டில் ஏறுவது வயிற்று அமிலம். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு இது உண்மையான காரணமாக இருக்கலாம். அமிலமும் அதோடு வரும் செரிமான நொதியும் மேலே எட்டித் தொண்டையை உறுத்தலாம், அல்லது கீழே ஏற்பட்ட எரிச்சலுக்கே மேல்வாசல் தசை இறுகலாம். ஆனால் தொண்டை உறுத்தல் என்றாலே அமில மாத்திரை எழுதுவது எல்லை மீறிப் போய்விட்டது என்பது என் கருத்து. டீச்சரும் ஏற்கெனவே இன்னொரு இடத்தில் காட்டி, இரண்டு மாதம் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் சாப்பிட்டிருந்தார். பலன் இல்லை. அவருக்கு நெஞ்செரிச்சலே இருந்ததில்லை. பிரிட்டனில் நீடித்த தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதிக்கு லான்சோப்ரசோல் மாத்திரை தினம் இரண்டு வேளை, மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, 16 வாரத்துக்கு. 2021-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கத்தாரும் ஓரளவு தேறினார்கள், ஏறக்குறைய ஒரே அளவுக்கு. ஆகவே நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சில வாரம் முயன்று பார்க்கலாம். இல்லாதவர்கள் பலன் தெரியாத மாத்திரையை வருடக்கணக்கில் நீட்டிக்கொண்டு போக வேண்டாம்.

மற்ற காரணங்கள் விரைவாகக் கேட்டு முடிக்கக்கூடியவை. மூக்கடைப்பும் தும்மலும் சேர்ந்து, மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டையில் வடிந்தால் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். கழுத்தில் தைராய்டு வீக்கம் கைக்குத் தட்டுப்பட்டால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்புறம் ஒன்றைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்: என்ன பிரஷர் மாத்திரை? எனாலப்ரில், ராமிப்ரில் என்று ‘பிரில்’ என முடியும் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலையும் தொண்டைக் கரகரப்பையும் உண்டாக்கும். மாற்றினால் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், தானாக நிறுத்திவிடக் கூடாது. டீச்சர் சாப்பிட்டது அம்லோடிபின், அதனால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

மறுநாள் கிளினிக்கில் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கட்டி எதுவும் இல்லை. மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப்பை விட்டு, நாக்கின் அடிப்பகுதி, குரல்வளை, உணவுக்குழாய் வாசலின் சுற்றுப்புறம் எல்லாவற்றையும் திரையில் அவருக்கே காட்டினேன். சில நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம். குரல்வளையின் பின்பக்கம் லேசான சிவப்பு இருந்தது. இதைப் பார்த்ததும் ‘அமிலம்’ என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இந்தச் சிவப்பு இருக்கிறது, ஓயாமல் செருமுகிறவர்களிடமும் இருக்கிறது. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. டீச்சருடைய நிலையில் இருப்பவருக்கு வயிற்று எண்டோஸ்கோபியோ கழுத்து சிடி ஸ்கேனோ உடனே தேவையில்லை.

பேச்சுவாக்கில்தான் மீதி வந்தது. ஆறு மாதத்துக்கு முன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. பள்ளியில் ஆறு பீரியட் கத்திப் பாடம் நடத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். ராத்திரி பத்தரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை. தண்ணீர் குடிக்கவே நேரமில்லை, டீ மட்டும் நாளுக்கு ஆறு. தொண்டைத் தசை இறுக இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் சொன்ன வைத்தியம் சின்னது, ஆனால் பிடிவாதமாகச் செய்ய வேண்டியது. செருமத் தோன்றும்போது செருமாமல் ஒரு மடக்குத் தண்ணீர். பாட்டில் எப்போதும் மேசையில் இருக்கட்டும். தண்ணீர் இல்லாத இடத்தில், சத்தம் வராமல் ‘ஹ்’ என்று மூச்சை மட்டும் தள்ளிவிட்டு, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி ஒரே ஒரு தடவை விழுங்க வேண்டும். உருண்டை இருக்கிறதா என்று பார்க்க வெறும் எச்சில் விழுங்கக் கூடாது. இதுதான் கஷ்டம். காலை, மாலை சில நிமிடம் வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டு, ‘ஆ...’ என்று பெருமூச்சாக முடிக்க வேண்டும். தொண்டைத் தசைகள் தளர அதுபோல எளிய வழி வேறில்லை. ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால். டீ இரண்டோடு நிற்கட்டும்.

முதல் வாரம் கோபமாகத்தான் இருந்தார். செருமாமல் இருந்தால் உறுத்தல் கூடுகிறது என்றார். உண்மைதான், முதல் சில நாள் கூடும். மூன்றாவது வாரம் மகள் எண்ணியபோது மணிக்கு ஏழு. ஒன்றரை மாதத்தில் உருண்டை பெரும்பாலான நாட்களில் இல்லை. பிறகு அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும்போது பத்து நாள் திரும்ப வந்துவிட்டுப் போனது. இப்படி வந்து வந்து போவது இதன் சுபாவம். சிலருக்கு வருடங்கள்கூட விட்டு விட்டு நீடிக்கும். எவ்வளவு முயன்றும் செருமல் அடங்காதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர் நிறையச் செய்ய முடியும்.

டீச்சர் கடைசியாகக் கேட்டார்: “அப்போ எப்பத்தான் பயப்படணும்?” அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாப்பாடு சிக்க ஆரம்பித்தால், விழுங்கும்போது வலித்தால், உருண்டை நடுவில் இல்லாமல் எப்போதும் ஒரே பக்கம் நின்றால், அந்தப் பக்கத்துக் காதும் வலித்தால். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகாவிட்டால். எடை தானாகக் குறைந்தால், எச்சிலில் ரத்தம் வந்தால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால். பீடி, சிகரெட், மது, புகையிலை போட்ட வெற்றிலை, பான்மசாலா பழக்கம் உள்ளவர்கள் இவற்றில் ஒன்று இருந்தாலே அந்த வாரமே காட்ட வேண்டும். வெளிறிப்போய், ரத்தசோகையோடு, கெட்டிச் சாப்பாடு சிக்குகிறது என்று சொல்லும் பெண்களும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைவில் உணவுக்குழாய் வாசலில் ஒரு சவ்வு வளர்ந்து வழியை மறிப்பதுண்டு. அதை விட்டுவைத்தால் பின்னாளில் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. முன்பு ஸ்கோப் செய்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன ரிப்போர்ட் கையில் இருந்தாலும் சரி, மேலே சொன்னதில் ஏதாவது புதிதாக வந்தால் அந்த ரிப்போர்ட் செல்லாது. திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.