முகவாயை மூடும் ஹெல்மெட்

ஹெல்மெட் கடையில் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: ஃபுல் ஃபேஸா, ஓப்பன் ஃபேஸா? முன்னது முகவாய் வரை முழுக்க மூடுகிறது. பின்னது நெற்றி, காது, பின்மண்டை ஆகியவற்றை மூடிவிட்டு முகத்தை விட்டுவிடுகிறது. தினமும் வேலைக்கு வண்டியில் போய்வருபவர்களில் நிறையப் பேர் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். வேர்க்கும், மூச்சு முட்டும், பக்கத்தில் வரும் வண்டி தெரியாது, கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று அதற்குக் காரணங்கள் சொல்வார்கள். இவற்றில் சில உண்மை, சிலவற்றுக்கு வழி இருக்கிறது. ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, முகவாய்க்கு முன்னால் வரும் அந்த வளைவு என்ன வேலை செய்கிறது என்பது.

உச்சந்தலையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் தெர்மாகோல், அதற்குள் துணி உறை. தலையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தத் தெர்மாகோல்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழுந்தாலே, தரையைத் தொடும்போது தலையின் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இந்த அடி இருக்கிறது. வெறும் எலும்பு தார்ச்சாலையில் மோதினால் அந்த வேகம் சில மில்லிமீட்டருக்குள் நின்றுபோக வேண்டும். தெர்மாகோல் நசுங்கி 2 சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால், மூளைக்குப் போகும் அதிர்ச்சி பல மடங்கு குறைந்துவிடும்.

இதே பாதுகாப்பு முகத்துக்கும் வேண்டுமா என்பதை, விழும் விதத்தை யோசித்தால் புரிந்துகொள்ளலாம். தெருநாய் குறுக்கே ஓடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் பதறிப்போய் முன்பிரேக்கை முழுக்கப் பிடிக்கிறார். முன்சக்கரம் நின்றுவிடுகிறது, உடம்பு நிற்கவில்லை. கைகள் இன்னும் ஹேண்டில்பாரில் இருப்பதால் ஊன்றிக்கொள்ள நேரமில்லை. முகம்தான் முன்னால் போகிறது. ஜெர்மனியின் ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்துகளை ஆராய்ந்த டீட்மார் ஓட்டே, ஹெல்மெட்டில் எங்கெங்கே அடி விழுகிறது என்று வரைபடமாகவே குறித்தார். மூன்றில் ஒரு பங்கு அடி முகவாய்ப் பகுதியில் இருந்தது. நாம் பெரிதாக நினைக்கும் உச்சந்தலையில் விழுந்தது மிகக் குறைவு.

முகவாயில் விழும் அடி பல்லோடும் உதட்டோடும் நிற்பதில்லை. கீழ்த்தாடை எலும்பின் இரண்டு முனைகளும் காதுக்கு முன்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் பொருந்தி நிற்கின்றன. முகவாயைத் தாக்கும் விசை அந்த வழியாக மேலே ஏறுகிறது. தாடை முறியலாம், மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் விரிசல் விழலாம். ஓப்பன் ஃபேஸ் போட்டிருப்பவர் இங்கே ஹெல்மெட் இல்லாதவருக்குச் சமம். முகவாய் வரை நீளும் வைசர் இருந்தாலும் நிலைமை மாறாது. அது காற்றையும் தூசியையும் தடுக்கும் பிளாஸ்டிக் தகடு, அவ்வளவுதான். அடி விழுந்ததும் கழன்று போய்விடும்.

அப்படியானால் ஃபுல் ஃபேஸ் வாங்கினால் போதுமா? போதாது. கடையில் நின்று இதைச் சோதித்துப் பாருங்கள். ஹெல்மெட்டைத் தலைகீழாகத் திருப்பி, முகவாய் வளைவின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். துணிக்குப் பின்னால் கெட்டியான தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். விலை குறைந்த பலவற்றில் அங்கே மெல்லிய ஸ்பாஞ்ச் மட்டும் இருக்கும், இன்னும் சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக்தான். பார்வைக்கு ஃபுல் ஃபேஸ், அடிபட்டால் முகத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கம்பி. விலையைக் கேட்பதற்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பின்பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கும். அதோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், உரிமம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று வந்துவிடும். சாலையோரத்தில் விற்கும் ஸ்டிக்கர் ஹெல்மெட்டுகள் இங்கே மாட்டிக்கொள்ளும். 2021 ஜூன் முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம்.

இனி வெயிலுக்கு வருவோம். ஓப்பன் ஃபேஸ்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. மே மாதம் காலை ஒன்பதரைக்குத் தாம்பரத்தில் கிளம்பி கிண்டிக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று சிக்னல் மேல் சிக்னல். வண்டி ஓடும்போது முன்னால் இருக்கும் துளைகள் வழியே காற்று நுழைந்து, தெர்மாகோலில் வெட்டியிருக்கும் வாய்க்கால்களில் ஓடி, பின்பக்கத் துளைகள் வழியே வெளியேறும். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும். பல்லாவரம் சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்கும்போது, நெற்றியில் வழிவது வியர்வை மட்டுமில்லை. தான் விட்ட மூச்சுக்காற்றே சூடாக முகத்தில் திரும்பி வந்து மோதும். புழுக்கம் என்று அவர் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

ஆனால் கவனித்துப் பார்த்தால், உச்சந்தலைச் சூட்டில் இரண்டு ஹெல்மெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் அதே தெர்மாகோல், அதே மூடல். வித்தியாசமெல்லாம் முகத்தில். முகத்தின் புழுக்கத்துக்கோ கையால் செய்யக்கூடிய வழி இருக்கிறது: சிக்னலில் வைசரை முழுக்கத் தூக்கிவிடுங்கள், நெரிசலில் ஊரும்போது ஒரு பல் அளவு திறந்து வையுங்கள், வேகம் கூடியதும் மூடிக்கொள்ளுங்கள். வைசர் திறந்திருந்தாலும் முகவாய் வளைவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெயிலுக்காக ஓப்பன் ஃபேஸ் வாங்கியவர் அந்த வளைவை எல்லா நாளும், மழைநாளிலும் மார்கழிக் குளிரிலும்கூட, விட்டுக்கொடுத்துவிடுகிறார். என் தரப்பு இதுதான்: புழுக்கத்துக்கு ஓட்டும்போதே வழி தேடலாம், இல்லாத வளைவை விழும்போது தேட முடியாது.

வாங்கும்போது மேலும் இரண்டைப் பாருங்கள். உள்துணி கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். கோடையில் வாரம் ஒருமுறை அலசாவிட்டால் நாற்றம் எடுக்கும், பிறகு போடவே மனம் வராது. நிறம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். வெயிலுக்கு மட்டுமில்லை, நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களைவிட வெள்ளை போட்டவர்களுக்கு விபத்துக் காயத்தின் அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. மற்றவர் கண்ணில் படுவதும் பாதுகாப்புதானே.

மூன்றாவது, பார்வை. ஃபுல் ஃபேஸ் போட்டால் பக்கத்தில் தெரியாது என்பது பரவலான நம்பிக்கை. ஐரோப்பியத் தரமும் அமெரிக்கத் தரமும் மூக்குக்கு நேர்க்கோட்டிலிருந்து இடமும் வலமும் 105 பாகை வரை தெரிய வேண்டும் என்று கேட்கின்றன. அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால் வரை. 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. ஹெல்மெட் பார்வையை மறைத்ததால் விபத்து நேர்ந்ததாக அதில் தெரியவில்லை. நான்கில் மூன்று பங்குக்கும் மேலான விபத்துகளில் ஆபத்து வந்த திசை, நேர் முன்னாலிருந்து இரு பக்கமும் 45 பாகைக்குள்ளேயே இருந்தது. அந்தப் பகுதி எந்த ஹெல்மெட்டிலும் தெரியும்.

உண்மையில் குறைவது கீழ்நோக்கிய பார்வை. முகவாய் வளைவு அங்கே குறுக்கே வரும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவும், நிறுத்துமிடத்தில் கால் வைக்கும் தரையைப் பார்க்கவும் தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும். ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

என்னைக் கேட்டால் பார்வையைக் கெடுப்பது பெரும்பாலும் வைசர்தான். தூசி படிந்த வைசரை உலர்ந்த துணியாலோ சட்டை முனையாலோ துடைத்துத் துடைத்து, அதில் நுண்ணிய கீறல்கள் வட்டம் வட்டமாக விழுந்திருக்கும். பகலில் தெரியாது. இரவில் எதிரே லாரி ஹைபீமில் வந்தால் அத்தனை கீறலும் ஒளிர்ந்து, சாலையே மறைந்துவிடும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஊறவைத்து, பிறகு மெல்லிய சோப்பு நீரும் மிருதுவான துணியும் போதும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் வைசர் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கீறல் அதிகமானால் வைசரை மட்டும் மாற்றலாம், சில நூறு ரூபாய்தான். இரவில் திரும்பி வருபவர் கறுப்பு வைசரை வாங்கவே கூடாது. மழையில் மூச்சுக்காற்றால் வைசரின் உள்பக்கம் மங்குவது ஃபுல் ஃபேஸின் உண்மையான குறை. மூக்குக்கு மேல் வரும் சிறு தடுப்பும், கீழே ஒரு விரல் திறப்பும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். அதே மழையில், வைசர் இல்லாத ஓப்பன் ஃபேஸ்காரருக்குத் துளிகள் கண்ணில் ஊசியாகக் குத்தும் என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கண்ணாடி போட்டவர்கள், இறங்கி ஏறிப் பேசிக்கொண்டே இருக்கும் விற்பனைப் பிரதிநிதிகள், டெலிவரி வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு ஃபிளிப்-அப் என்ற மூன்றாவது வகை உதவும். முகவாய்ப் பகுதியை மேலே தூக்கலாம், ஓட்டும்போது இறக்கிப் பூட்டிவிட வேண்டும். ஐரோப்பியச் சான்றிதழ் உள்ள ஹெல்மெட் என்றால், தாடைப் பட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். எண்ணோடு 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் முகவாய்ப் பகுதியும் சோதனையில் தேறியது. 'ஜே' என்றால் ஓப்பன் ஃபேஸ். இரண்டும் இருந்தால் எப்படிப் போட்டாலும் தேறியது. 'என்பி' என்றால் முகவாய்ப் பகுதி பாதுகாப்பு தராது என்று தயாரிப்பாளரே சொல்லிவிடுகிறார்.

எதை வாங்கினாலும் அளவு பொருந்த வேண்டும். போட்டு, பட்டையை மாட்டி, பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று கண்ணை மறைத்தால் அது உங்கள் அளவில்லை. பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் வேண்டாம். பட்டை மாட்டாத ஃபுல் ஃபேஸ் முதல் மோதலிலேயே தலையைவிட்டுப் பறந்துவிடும். அதைவிட, இறுக்கி மாட்டிய ஓப்பன் ஃபேஸ் எவ்வளவோ மேல்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பல வீடுகளில் அவருக்கென்று வாங்குவது மலிவான ஓப்பன் ஃபேஸ்தான். திடீர் பிரேக்கில் அவர் முகம் முதலில் மோதுவது ஓட்டுபவரின் ஹெல்மெட்டின் பின்புறத்தில். மூக்கும் பல்லும் அங்கேயே போய்விடும். பின்சீட்டுக்கும் ஃபுல் ஃபேஸ்தான் வாங்க வேண்டும்.