இரண்டு நாள் ஆபீஸுக்கு எத்தனை குர்தி வேண்டும்?

வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் போன காலத்தில் அலமாரியைப் பற்றி யாரும் தனியாக யோசிக்கவில்லை. துணி அதுபாட்டுக்குச் சுழன்றது. இப்போது செவ்வாயும் வியாழனும் மட்டும் ஆபீஸ், மற்ற மூன்று நாளும் வீட்டிலிருந்து வேலை என்றாகிவிட்டது. துணிச் செலவு குறைந்திருக்க வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நிறைந்து வழியும் அலமாரியின் முன் நின்று, ‘போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை’ என்று புலம்புவது பல வீடுகளில் வழக்கமாகியிருக்கிறது.

காரணம் எளிது. ஆபீஸுக்கென்று வாங்கிய குர்தியைத்தான் திங்கள்கிழமை வீடியோ மீட்டிங்குக்கும் எடுத்து மாட்டுகிறோம். கீழே என்னவோ வீட்டு பைஜாமாதான். மீட்டிங் முடிந்ததும் அதே குர்தியோடு அடுப்படிக்குப் போகிறோம். செட்டாக வாங்கிய உடுப்பில் மேல்துணி மட்டும் வாரத்துக்கு மூன்று தடவை கூடுதலாகத் துவைபடுகிறது. ஆறு மாதம் போனால் கருநீலக் குர்தி வெளுத்து, அதே துணியில் தைத்த பேன்ட் புதிதாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஜோடி சேராது. குர்தியும் போச்சு, பேன்ட்டும் வீண்.

ஆகவே முதல் வேலை, ஆபீஸ் துணியையும் வீட்டுக் கேமராத் துணியையும் அலமாரியில் பிரித்து வைப்பது. அதற்குப் பிறகுதான் எத்தனை என்ற கணக்கு.

இந்தக் கணக்கை நாட்களை வைத்துப் போடக்கூடாது. துவைத்து, காய்ந்து, இஸ்திரி போட்டுத் திரும்பிவர எத்தனை நாள் ஆகிறது என்பதை வைத்துத்தான் போட வேண்டும். வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஸ்கூட்டரில் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் போட்ட துணி புதன் காலை துவைபடுகிறது, சாயங்காலத்துக்குள் காய்கிறது. வியாழன் இஸ்திரி வண்டிக்குப் போனால் வெள்ளியோ சனியோ வந்துவிடும். வியாழன் போட்டது வெள்ளி துவைத்து, ஞாயிறுக்குள் இஸ்திரியாகிவிடும். அடுத்த செவ்வாய்க்கு இரண்டுமே தயார். கணக்குப்படி இரண்டே செட் போதும்!

நடைமுறையில் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அடைமழை பிடித்துக்கொண்டால் கனமான பேன்ட் காய இரண்டு, மூன்று நாளாகும். இஸ்திரிக்காரர் ஊருக்குப் போனால் ஒரு வாரம் வரமாட்டார். அதனால் நான்கு குர்தி, மூன்று பேன்ட் என்று வைத்துக்கொண்டால் தாராளம். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு குர்தியும் குறைந்தது இரண்டு பேன்ட்டோடாவது சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தால் எட்டு விதமாக உடுத்தலாம்; வாரம் இரண்டு நாள் என்னும்போது ஒரு மாதத்துக்கு ஒரே ஜோடி திரும்ப வராது. கறுப்பு, கருநீலம், சந்தன நிறம் என்று மூன்று பேன்ட் இருந்தால் பெரும்பாலான குர்திகளைச் சமாளித்துவிடலாம். ஒரே ஒரு பேன்ட்டோடு மட்டும் பொருந்தும் குர்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைக் கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்து வைப்பதே நல்லது.

ஆண்களுக்கும் இதே கணக்குதான், குர்திக்குப் பதில் சட்டை. அவர்கள் ஒரே பேன்ட்டை இரண்டு நாளும் போட்டுவிடுவார்கள் என்பதால் இரண்டு பேன்ட்டிலேயே வண்டி ஓடிவிடும்.

அடுத்தது வீட்டு நாட்களுக்கான துணி. இதில் கவனிக்க வேண்டியது விலையோ பிராண்டோ அல்ல, இஸ்திரி தேவையா என்பது. தறியில் நெய்த பருத்தித் துணி வியர்வை ஈரத்திலும் உடம்புச் சூட்டிலும் மடிந்த இடத்திலேயே படிந்துவிடும். நாற்காலியில் அரை மணி உட்கார்ந்தாலே கசங்கல் தெரியும். திருப்பூர் பனியன் துணி அப்படியல்ல. அது கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். உதறிக் காயப்போட்டு, மடித்து வைத்தாலே போதும். காலர் வைத்த பனியன் துணிச் சட்டையோ நல்ல கழுத்து வைத்த டாப்ஸோ நான்கு இருந்தால் திங்கள், புதன், வெள்ளி மூன்றும் ஓடிவிடும்.

வாங்கியதும் கண்ணாடியில் பார்ப்பதோடு நிறுத்தாமல் லேப்டாப் கேமராவைத் திறந்து ஒருமுறை பாருங்கள். பொடிக் கோடும் பொடிக் கட்டமும் போட்ட துணி கண்ணுக்கு நன்றாக இருக்கும். கேமராவில் அலை அலையாக நெளியும், எதிரில் இருப்பவருக்குக் கண் வலிக்கும். தூய வெள்ளையும் தொந்தரவுதான். கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும்போது முகம் இருண்டுபோகும். சுவரின் நிறத்திலேயே சட்டை போட்டுக்கொண்டு, பின்னணியையும் மாற்றி வைத்தால் தோள்பட்டை பாதி காணாமல் போவதும் உண்டு. மயில்கழுத்து நிறம், செங்கல் நிறம், அழுத்தமான பச்சை எல்லாம் பொதுவாக நன்றாகவே எடுக்கும். ஜிமிக்கி ஹெட்போனில் உரசினால் அந்தச் சத்தம் மீட்டிங்கில் எல்லோருக்கும் கேட்கும். வீட்டு நாளில் சின்னத் தோடே போதும்.

கேமராத் துணியோடு தாளிக்கப் போனால் மஞ்சள் கறை நிச்சயம். சோப்புப் போட்டதும் அந்தக் கறை ரத்தச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம். காரத்தன்மை பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி நேர் வெயிலில் காயப்போட்டால் வெயிலிலேயே மஞ்சள் வெளுத்துவிடும், தேவைப்பட்டால் மறுநாளும் போடலாம். ஆனால் சாயம் போகக்கூடிய அடர்நிறத் துணியை அப்படி நேர் வெயிலில் வைக்க முடியாது. அதை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஆகவே அடர்நிறத்தைச் சமையலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் சுலபம்.

ஆபீஸ் பக்கம் ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. முன்பு சொந்த மேஜை இருந்தது. ஏசி குளிருக்கு ஒரு சால்வையும் மாற்றுச் செருப்பும் டிராயரில் கிடக்கும். இப்போது பல ஆபீஸ்களில் யார் எந்த இடம் என்பது அன்றன்று முடிவாகிறது. எதையும் விட்டுவிட்டு வர முடியாது. அதனால் ஆபீஸ் பையிலேயே ஒரு மெல்லிய சால்வை, நான்கு சேஃப்டி பின், மழைக்காலத்தில் ஒரு மாற்றுக் கால்சட்டை எப்போதும் இருக்கட்டும். ஸ்கூட்டரில் போகிறவர்கள் துப்பட்டாவையும் பையிலேயே வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. சக்கரத்தில் சிக்கினால் பெரிய ஆபத்து.

ஆபீஸ் குர்தி நிறம் மங்கத் தொடங்கினால் தூக்கிப்போட வேண்டாம். லேசான மங்கலைக் கேமரா காட்டிக்கொடுக்காது. அதை வீட்டு வரிசைக்கு இறக்கிவிட்டு, ஆபீஸ் வரிசைக்குப் புதிதாக ஒன்று வாங்கலாம். புதிது வருவது இப்படி ஒன்று இறங்கும்போது மட்டும் என்று வைத்துக்கொண்டால் தள்ளுபடி விற்பனைக்கும் பதில் சொல்லிவிடலாம்.

இன்னும் ஒன்று. வீட்டில் இடுப்பு ரப்பர் வைத்த பேன்ட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இடுப்பளவு மாறுவது தெரியாது. தீபாவளி, பொங்கல் என்று நீண்ட விடுமுறைக்குப் பிறகு முதல் ஆபீஸ் நாளுக்கு முந்தின இரவே பேன்ட்டைப் போட்டுப் பார்த்து, பட்டன் போட்டு, உட்கார்ந்தும் பாருங்கள். புதன்கிழமை திடீரென்று ‘நேரில் வாங்க’ என்று மேலாளர் கூப்பிடுவதும் நடக்கும். அதற்காக ஒரு குர்தியும் பேன்ட்டும் இஸ்திரி போட்டு ஹேங்கரில் தனியாகத் தொங்கட்டும். அவசரத்துக்கு எடுத்தால், துவைத்து இஸ்திரி போட்டு அதே ஹேங்கரில் திரும்ப மாட்டிவிடுங்கள்.