மணிக்கு எவ்வளவு நிற்கிறது?

உணவு டெலிவரி வேலைக்குச் சேர நினைக்கிற தம்பி, ஹோட்டல் வாசலில் பார்சலுக்குக் காத்திருக்கும் அண்ணனிடம் முதலில் கேட்பது, “நாளைக்கு எவ்வளவுண்ணா வரும்?” என்றுதான். “ஆயிரம் ஆயிரத்து நூறு பாக்கலாம்பா” என்பார் அவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கேள்வியில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அந்த ஆயிரத்து நூறுக்கு எத்தனை மணி நேரம் போகிறது, அதில் எவ்வளவு வண்டிக்கே திரும்பிப் போகிறது? இவை தெரியாமல் இந்த வேலையை இன்னொரு வேலையோடு ஒப்பிட வழியில்லை.

சென்னையில் பெட்ரோல் ஸ்கூட்டரில் முழுநேரம் உணவு டெலிவரி செய்யும் ஒருவரின் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் மாதிரிக்குத்தான். ரேட் கார்டு ஏரியாவுக்கு ஏரியா, வாரத்துக்கு வாரம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

காலை 11 மணிக்கு லாகின், இரவு 10 மணிக்கு லாக் அவுட். மொத்தம் 11 மணி நேரம். 22 ஆர்டர், சராசரியாக ஆர்டருக்கு 40 ரூபாய் என்றால் 880. அன்றைய இலக்கை முடித்ததற்கு இன்சென்டிவ் 200. டிப்ஸ் 20. ஆக 1,100 ரூபாய். 11 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 100 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் செலவு பெட்ரோல். இங்கே பலர் தவறவிடுவது தூரத்தை. ஆப் காசு கொடுக்கும் தூரத்தைக் கூட்டினால் 88 கிலோமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மீட்டர் 135 காட்டும். வீட்டிலிருந்து ஸோனுக்குப் போனது, டெலிவரி கொடுத்துவிட்டு ஆர்டர் விழும் இடத்துக்குக் காலியாகத் திரும்பியது, ஒருவழிப் பாதைக்காகவும் மேம்பாலத்துக்காகவும் சுற்றியது எல்லாம் அந்த 47 கிலோமீட்டரில் அடங்கும். நகர நெரிசலில் நின்று நின்று ஓடும் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 3 லிட்டர் போகும். லிட்டர் 101 ரூபாய் என்ற விலையில் 303 ரூபாய்.

இரண்டாவது செலவு வண்டித் தேய்மானம். பெட்ரோல் காசு தினமும் கையை விட்டுப் போகிறது, அதனால் தெரிகிறது. தேய்மானம் அப்படித் தெரியாது. நாளைக்கு 135 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் இரண்டு வருடத்தில் சுமார் 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆன் ரோடு 1,05,000 ரூபாய்க்கு வாங்கிய ஸ்கூட்டரை அந்த நிலையில் 35,000-க்குக் கொடுக்க முடிந்தால், கரைந்தது 70,000. கிலோமீட்டருக்கு 83 காசு. அதற்கு மேல் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலோடு சர்வீஸ், ஒரு முறைக்கு 900 ரூபாய் என்றால் 30 காசு. 25,000 கிலோமீட்டரில் இரண்டு டயரும் மாற்ற 4,000 ரூபாய், அது 16 காசு. பெல்ட், பிரேக் ஷூ, பேட்டரிக்கு ஒரு 11 காசு. எல்லாம் கூட்டினால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு. அன்றைய 135 கிலோமீட்டருக்கு 189 ரூபாய்.

மாதத்துக்குப் பார்த்தால் இது ஏறக்குறைய 4,900 ரூபாய். இதை எடுத்து வைக்காமல் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும்போது, உண்மையில் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறோம். புது வண்டியோடு சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம் ‘நல்லாத்தான் ஓடுது’ என்று தோன்றுவதும், இரண்டாம் வருடம் டயரும் பெல்ட்டும் சேர்ந்தாற்போல் செலவு வைக்கும்போது கடன் வாங்க வேண்டி வருவதும் இதனால்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தேய்மானத்தையும் முழு இ.எம்.ஐ.யையும் சேர்த்துக் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும். கடனில் வாங்கிய வண்டி என்றால் தேய்மானத்தோடு வட்டியை மட்டும் சேர்த்தால் போதும்.

மூன்றாவது, ரீசார்ஜும் போனும். வெயிலிலும் மழையிலும் நாள் முழுக்க மேப் ஓடும் போன் சீக்கிரம் பழுதாகும். இரண்டுக்குமாக நாளைக்கு 25 ரூபாய். அதோடு அபராதம். பொருள் குறைந்ததாக வாடிக்கையாளர் கொடுக்கும் புகார், கணக்கில் இடிக்கும் கேஷ் ஆர்டர், இப்படி மாதத்தில் 650 ரூபாய் பிடித்தால் அதுவும் நாளைக்கு 25.

இப்போது மொத்தம்: 303, 189, 25, 25. செலவு 542 ரூபாய். 1,100-இல் மிச்சம் 558.

அடுத்து நேரம். லாகின் 11 மணி நேரம்தான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பி ஸோனுக்குப் போவது, பங்க்கில் நிற்பது, கையிலிருக்கும் ரொக்கம் வரம்பைத் தாண்டியதும் ஆர்டர் நின்றுபோகாமல் இருக்க அதைக் கட்டுவது, இரவு வீடு திரும்புவது எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். 558-ஐ 12-ஆல் வகுத்தால் மணிக்கு 46 ரூபாய் 50 காசு.

காத்திருப்பை ஒதுக்கிவிட்டு ஆர்டர் கையில் இருந்த நேரத்தை மட்டும் எண்ணினால் இதே நாள் இன்னும் பளபளப்பாகத் தெரியும். ஆர்டருக்கு 25 நிமிடம் என்றால் 22 ஆர்டருக்கு 9 மணி 10 நிமிடம். 1,100-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 120 ரூபாய். ஆக ஒரே நாளுக்கு 120, 100, 46.50 என்று மூன்று விடை. எந்த நேரத்தை எண்ணினோம், எந்தச் செலவைக் கழித்தோம் என்பதில்தான் வித்தியாசம். யாராவது ஒரு மணிநேரத் தொகையைச் சொன்னால் இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள்.

2026 ஜனவரியில் ஸொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் எக்ஸ் தளத்தில் வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2025-இல் டெலிவரி ஊழியர்களின் சராசரி வருமானம், டிப்ஸ் நீங்கலாக, லாகின் நேரத்துக்கு மணிக்கு 102 ரூபாய் என்றார். காத்திருப்பையும் சேர்த்து எண்ணியது நேர்மையான முறை. பெட்ரோலுக்கும் பராமரிப்புக்கும் சுமார் 20 சதவீதம் கழித்தார். நம் மாதிரி நாளில் 20 சதவீதம் என்பது 220 ரூபாய். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் ஓட்டினாலும் 135 கிலோமீட்டருக்குப் பெட்ரோலே 227 ரூபாய் ஆகிறது. குறைந்த தூரம் ஓடுகிறவருக்கு அந்த 20 சதவீதம் பொருந்தலாம். எனவே சராசரியை நம்புவதை விட உங்கள் மீட்டரைப் பார்ப்பது மேல்.

கணக்கு கையில் இருந்தால் ஒவ்வொரு ஆர்டரையும் எடை போடலாம். மேலே சொன்ன வண்டிக்குப் பெட்ரோலும் தேய்மானமும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 64 காசு. வேளச்சேரியிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் 9 கிலோமீட்டருக்கு 70 ரூபாய் காட்டி ஓர் ஆர்டர் விழுகிறது. பெரிய ஆர்டர்தான். ஆனால் ஹோட்டலுக்குப் போக 2 கிலோமீட்டர், திரும்பி வர 7 கிலோமீட்டர் காலி ஓட்டம். மொத்தம் 18 கிலோமீட்டர், செலவு 65 ரூபாய் 50 காசு. முக்கால் மணி நேர உழைப்புக்கு மிச்சம் ஐந்து ரூபாய்கூட இல்லை. அங்கிருந்தே திரும்பும் திசையில் இன்னோர் ஆர்டர் கிடைத்தால்தான் இது தேறும்.

அப்படியென்றால் மறுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இன்சென்டிவ் குறுக்கே வருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கை ஆர்டர், குறிப்பிட்ட லாகின் நேரம், மறுப்பு இத்தனைக்கு மேல் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் பெரும்பாலும் அது வருகிறது. நம் மாதிரி நாளில் இலக்கு 22 என்றால், 21-இல் நின்றுபோனவருக்கு 200 ரூபாய் இல்லை, ஓர் ஆர்டரின் 40 ரூபாயும் இல்லை. ஓடாத 6 கிலோமீட்டரின் செலவு 22 ரூபாய் மிஞ்சும், அவ்வளவுதான். கையில் நிற்பது 340 ரூபாய். மணிக்கு 28 ரூபாய் சொச்சம். மழையிலும் இரவு பத்தே முக்காலுக்கும் ‘இன்னும் ஒண்ணு’ என்று தெருமுனையில் நிற்பவரின் அவசரம் அந்த ஓர் ஆர்டரின் 40 ரூபாய்க்காக அல்ல.

ஆட்கள் குறைவாக ஆர்டர் விழும் மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை லாகினில் இருப்பதும் இதற்காகத்தான். அந்த மூன்று மணி நேரத்தில் மூன்று ஆர்டர் வந்தால் 120 ரூபாய். 20 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 73 ரூபாய் போனால் மிச்சம் 47. மணிக்கு 16 ரூபாய்கூடத் தேறவில்லை. ஆனால் அந்த நேரத்தை விட்டால் 200 போகும். ஆகவே இன்சென்டிவ் என்பது கூடுதல் பரிசு அல்ல, காத்திருப்புக்கான கூலிதான். இலக்கைத் தொட்டால் மட்டும் தரப்படும் கூலி.

காத்திருப்பைக் கூலியாகச் சட்டமே எண்ண முடியும் என்பதற்கு நியூயார்க் நகரம் சாட்சி. 2023 டிசம்பரில் அங்கே உணவு டெலிவரிக்கு மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொகையை நிர்ணயிக்கும்போதே ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் வாகனச் செலவையும் கணக்கில் எடுத்தார்கள். நம் நாட்டில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர்களின் நலநிதிக்கு நிறுவனங்கள் பங்களிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023-இலேயே தனி நல வாரியம் அமைந்தது. இரண்டும் தேவையானவை. ஆனால் மணிக்கு இவ்வளவு கையில் நிற்க வேண்டும் என்று இரண்டும் சொல்லவில்லை.

அதனால் கணக்கை நாமே வைத்தாக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பியதும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்தால் தூரமும் நேரமும் பதிவாகிவிடும். வாரக் கடைசியில் வங்கிக்கு வந்த தொகையோடு கையில் வாங்கிய டிப்ஸைச் சேர்த்து, ஓடிய கிலோமீட்டருக்கான பெட்ரோல், தேய்மானம், ரீசார்ஜ் ஆகியவற்றைக் கழித்து, வெளியே இருந்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். அபராதம் வங்கிக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டிருந்தால் மறுபடி கழிக்க வேண்டாம். மின்சார ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் நாள் வாடகையையும் சார்ஜ் செலவையும் பெட்ரோலும் தேய்மானமும் சேர்ந்த 492 ரூபாயோடு ஒப்பிடலாம். லீவு நாளுக்கும் வாடகை ஓடுமா என்று கேட்டுக்கொள்வது முக்கியம்.

பிறகு பக்கத்திலிருக்கும் வேலையைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய்க்கு ஒரு கடை வேலை, 26 நாள், நாளைக்கு 9 மணி நேரம் என்றால் மணிக்கு 64 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருந்தால் அது தனி. நம் டெலிவரி நாள் மாதத்துக்கு 28,600 வசூல் காட்டும், கையில் நிற்பதோ 14,508, அதுவும் 312 மணி நேரத்துக்கு. நினைத்த நாளில் லீவு, வாராவாரம் பணம், யாரும் மேலே நின்று அதட்டாத வேலை என்பவற்றுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு மணிக்கு 17 ரூபாய் 50 காசு பெறுமா என்பதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேலையில் சேருமுன் “நாளைக்கு எவ்வளவுண்ணா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “மீட்டர் எவ்வளவு ஓடுது, வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போறீங்க?” என்றும் கேளுங்கள்.