மூங்கில் சட்டத்தில் இரண்டு எழுத்து

பழைய மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது ஒரு ஸ்லைடு ரூல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோல் உறை, வெள்ளை செல்லுலாய்டு முகம், நடுவில் நகரும் சட்டம், அதன்மேல் மெல்லிய கோடு போட்ட கண்ணாடிக் கர்சர். முகத்தில் 'போஸ்ட்' என்ற பெயரும் 'வெர்சலாக்' என்ற பெயரும் இருக்கின்றன. சிகாகோவின் ஃபிரெடரிக் போஸ்ட் நிறுவனம் 1951இல் விற்கத் தொடங்கிய 1460ஆம் எண் கோல் இது. கண்ணில் எளிதில் படாத ஓர் ஓரத்தில் இரண்டே எழுத்து அழுத்தப்பட்டிருக்கிறது: கே, சி.

விற்றது அமெரிக்கர்கள்தான், ஆனால் செய்தது ஜப்பானின் ஹெம்மி நிறுவனம். ஜிரோ ஹெம்மி 1912இல் மூங்கில் கோலுக்குக் காப்புரிமை பெற்றவர். மரக்கோல் ஈரக்காற்றில் ஊதும், வெயிலில் சுருங்கும். நடுச்சட்டம் ஒருநாள் இறுகும், மறுநாள் தளரும். மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த கோலில் இந்தத் தொல்லை குறைவு. அறுபது ஆண்டு கழித்தும் பல வெர்சலாக் கோல்கள் விரல்பட்டால் நகர்வது அதனால்தான்.

அந்த இரண்டு எழுத்துக்கு வருவோம். 1950இலிருந்து ஹெம்மி தன் கோல்களில் ஆண்டையும் மாதத்தையும் ஆங்கில எழுத்தால் குறித்தது. முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1950, பி என்றால் 1951, அப்படியே போய் இஸட் 1975. இரண்டாம் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். கே பதினோராம் எழுத்து. 1950உடன் பத்தைக் கூட்டினால் 1960. சி மூன்றாவது, அதாவது மார்ச். 1960 மார்ச்சில் பிறந்த கோல் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பழங்கருவிகளில் இவ்வளவு வெளிப்படையாக வயதைச் சொல்பவை குறைவு.

மற்றவற்றில் துப்பறிய வேண்டியிருக்கிறது. அதிகம் பேர் தடுக்கி விழுவது காப்புரிமைத் தேதியில்தான். நியூயார்க்கில் 1867இல் தொடங்கிய கோய்ஃபெல் அண்ட் எஸ்ஸர் நிறுவனத்தின் கோலில் '1900 ஜூன் 5' என்று பொறித்திருந்தால், அது 1900இல் செய்ததாகாது. அன்று ஒரு காப்புரிமை கிடைத்தது; அதே வரியை நிறுவனம் அடுத்த பல ஆண்டுகள் பொறித்துக்கொண்டே இருந்தது. அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே அந்தத் தேதி உறுதிப்படுத்துகிறது.

இதே நிறுவனத்தின் 4081-3 கோலை எடுத்துக்கொள்ளலாம். பொறியியல் மாணவர்கள் அதிகம் வாங்கிய கோல் அது. அதில் 2,170,144 என்ற காப்புரிமை எண் இருந்தால், அது 1939இல் கொடுக்கப்பட்ட எண். அதனால் கோல் 1939க்குப் பிந்தையது. மேல் எல்லைக்கு வேறு சான்று வேண்டும்: வரிசை எண், கர்சரின் வடிவம், உறையின் தோல், கூடவே வந்த கையேட்டின் பதிப்பு. இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உடைந்த கர்சருக்குப் பதில் இன்னொரு காலத்துக் கர்சரைப் போட்டிருந்தால் இந்த ஒப்பீட்டில் அது அகப்பட்டுவிடும்.

நாட்டின் பெயரும் பேசும். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் பிறந்த நாட்டின் பெயர் கட்டாயமானது. ஆகவே 'ஜெர்மனி' என்ற சொல் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய பொருளில்தான் இருக்கும். 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற ஜெர்மன் பதிவுக்குறியும் 1891இல்தான் தொடங்கியது. 'ஆக்யுபைட் ஜப்பான்' என்றிருந்தால், போருக்குப் பின் நேசப்படைகள் ஜப்பானை ஆண்ட சில ஆண்டுகளுக்குள் அடங்கும். 1952இல் அந்த ஆட்சி முடிந்துவிட்டது.

வரைகருவிப் பெட்டிக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே பொருளின் வடிவம் கூடுதலாக உதவும். ஜெர்மனியின் ரீஃப்லர் நிறுவனம் 1877இல் கொண்டுவந்த உருண்டைக்கால் காம்பஸ் அதற்கு முந்தைய தட்டைக்கால் காம்பஸிலிருந்து ஒரே பார்வையில் வேறுபடும். ராபிடோகிராஃப் போன்ற குழல்முனைப் பேனாவைப் பிடிக்கும் துணைக்கருவி, பெட்டியில் தனக்கென்று செதுக்கிய பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால், பெட்டி 1953க்குப் பிந்தையது. அந்தப் பேனா வந்ததே அப்போதுதான். வெல்வெட் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு டிவைடர் பள்ளத்தில் ஆடினால், அது வேறு பெட்டியிலிருந்து வந்து குடியேறியது.

வயது தெரிந்துவிட்டது. விலை? இங்கேதான் வீட்டுக்காரருக்கு வருத்தம் காத்திருக்கிறது. 1930களின் மாணவர் கோல் ஒன்று 1960களின் வெர்சலாக்கைவிடக் குறைவாகப் போகலாம். லட்சக்கணக்கில் அச்சடித்ததுபோல் செய்யப்பட்டவை பரணிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. வாங்கும் ஆட்கள் அந்த அளவுக்கு இல்லை. சேகரிப்போர் தேடுவது அரிய அளவுகோல் வரிசை, குறைந்த காலமே விற்ற மாதிரி, உறையும் கையேடும் சேர்ந்த முழுத் தொகுப்பு. வரைகருவிகளின் நிலை இன்னும் மெலிந்தது. பெயர்பெற்ற பட்டறையின் குறையில்லாத பெட்டி தவிர மற்றவை மெதுவாகத்தான் நகரும். தேவையை அளக்க நம்பகமான வழி, ஏலத்தில் முடிந்த விலையைப் பார்ப்பது. விற்பவர் கேட்கும் விலை எதையும் நிரூபிக்காது. ஒரே மாதிரியில் எத்தனை கோல்கள் விலைபோகாமல் கிடக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலையும் விலையை வெட்டும். சில காலத்துக் கர்சர்களின் பிளாஸ்டிக் ஓரங்கள் மஞ்சளாகி நொறுங்கும். அழுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். அப்படி ஒன்று இருந்தால் மற்றக் கோல்களிடமிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும்.

பொருளின் வரலாறு விலையை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு, அலுமினியத்தால் ஆன பிக்கெட் என்-600-இஎஸ் சான்று. சாதாரணமாகக் கிடைக்கும் சின்னக் கோல் அது. பஸ் ஆல்ட்ரின் அப்பல்லோ 11இல் கொண்டுபோன அதே மாதிரிக் கோல் 2007இல் 77,675 டாலருக்கு ஏலம் போனது. அவ்வளவு கொடுத்தது அது சந்திரனுக்குப் போய் வந்ததற்கு, அதை உறுதிசெய்யும் ஆவணத்துக்கு.

ஆவணம் இல்லாமலே தேவை குறையாத கருவி, உள்ளங்கையில் அடங்கும் கர்ட்டா. புகன்வால்ட் வதைமுகாமில் கைதியாக இருந்தபோது குர்ட் ஹெர்ட்ஸ்டார்க் அதன் வரைபடங்களைத் தீட்டினார். பின்னர் லிச்டென்ஸ்டைனின் மாவ்ரன் ஊரில் சுமார் 1,40,000 கருவிகள் செய்யப்பட்டன. முதல் வகையில் விடை 11 இலக்கம். 1954இல் வந்த இரண்டாம் வகையில் 15. இரண்டாம் வகையின் வரிசை எண்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் தொடங்குவதால், அடிப்பக்க எண்ணைப் பார்த்தாலே வகை பிரிந்துவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை. எல்லாவற்றையும் பூச்சியமாக்கி, முதல் இலக்கத்தில் 1 வைத்து, கைப்பிடியை மேலே இழுத்து ஒரு சுற்று சுற்ற வேண்டும். பூச்சியத்திலிருந்து ஒன்று கழிந்து எல்லாக் கட்டத்திலும் ஒன்பது வரும். பிறகு கைப்பிடியைக் கீழே விட்டு இன்னொரு சுற்று. அடுத்த இலக்கத்துக்குப் பத்தைக் கடத்தும் பல்சக்கரங்கள் எல்லாம் வேலை செய்தால் ஒன்பதுகள் ஒன்றுவிடாமல் பூச்சியமாகத் திரும்பும். நடுவில் ஒரு ஒன்பது மட்டும் தங்கிவிட்டால், உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது பல் தேய்ந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களது கூலியைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.