மின்னியற்றியை நோக்கி ஒரு பயணம்: ஸ்மித் வரைபடத்தில் மின்எதிர்ப்பைப் படித்தல்

ஒரு மின்விளக்கிற்குச் செல்லும் கம்பி ஒரு மீட்டர் நீளமா, இரண்டு மீட்டர் நீளமா என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அந்த அலைநீளத்தின் முன் ஒரு மீட்டர் கம்பி ஒரு புள்ளிக்குச் சமம். பண்பலை வானொலி இயங்கும் 100 மெகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. அங்கே வெற்றிடத்தில் அலைநீளம் 3 மீட்டர்தான். இங்கே கம்பியின் நீளத்தைச் சில சென்டிமீட்டர் மாற்றினாலும், அதன் ஒரு முனையிலிருந்து பார்க்கும்போது மறுமுனையில் இணைக்கப்பட்ட ஆண்டெனா வேறொரு பொருளைப் போலத் தோற்றமளிக்கும்.

இதற்குக் காரணம் எதிரொளிப்பு. பொது அச்சு வடம் ஒன்றுக்கு அதன் அமைப்பைப் பொறுத்து ஒரு சிறப்பு மின்எதிர்ப்பு உண்டு. வானொலிக் கருவிகளில் அது பெரும்பாலும் 50 ஓம். வடத்தின் முடிவில் உள்ள சுமையும் சரியாக 50 ஓம் மின்தடையாக இருந்தால், சென்ற அலை முழுவதும் சுமையால் ஏற்கப்பட்டுவிடும். இல்லையெனில் ஒரு பகுதி திரும்பி வரும். செல்லும் அலையும் திரும்பும் அலையும் தடத்தின் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். மற்றோரிடத்தில் ஒன்றையொன்று குறைக்கும். ஆகவே மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள விகிதம், அதாவது மின்எதிர்ப்பு, இடத்திற்கு இடம் மாறுகிறது.

இம்மாற்றத்தைக் கணக்கிடச் சமன்பாடு உண்டு. ஆனால் அது சிக்கலெண்களைப் பெருக்கவும் வகுக்கவும் வேண்டிய நீண்ட சமன்பாடு. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய பிலிப் ஸ்மித் என்னும் பொறியாளர், அக்கணக்கினை ஒரு வட்டத்திற்குள் அடக்கி, 1939ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில் கவராயமும் அளவுகோலும் கொண்டு விடை காண அது உதவியது. கணிப்பொறி வந்த பின்னும் அது மறையவில்லை. இன்றைய அளவீட்டுக் கருவிகளின் திரையிலும் அதே வட்டமே தோன்றுகிறது.

வரைபடத்தைப் படிக்கும் முறையை முதலில் காண்போம். மின்எதிர்ப்பில் இரு பகுதிகள் உண்டு: ஆற்றலைச் செலவிடும் மின்தடை, ஆற்றலைத் தேக்கித் திருப்பித் தரும் மின்மறுப்பு. கணிதத்தில் கற்பனைப் பகுதியை i என்று எழுதுகிறோம். மின்னியலில் i மின்னோட்டத்தைக் குறிப்பதால், பொறியாளர்கள் j என்று எழுதுவர். நமது எடுத்துக்காட்டில் ஆண்டெனாவின் மின்எதிர்ப்பு 25 + j50 ஓம் என்று கொள்வோம். குறி நேர்க்குறியாக இருப்பதால் இது மின்தூண்டி போல் நடந்துகொள்கிறது. எதிர்க்குறியாக இருந்தால் மின்தேக்கி போல் நடந்துகொள்ளும்.

எல்லா வகை வடங்களுக்கும் ஒரே வரைபடம் பயன்பட வேண்டும் என்பதால், ஓம் மதிப்புகளை அதில் நேரடியாகக் குறிப்பதில்லை. வடத்தின் சிறப்பு மின்எதிர்ப்பால் முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும்.

z = (25 + j50) / 50 = 0.5 + j1

இனி வட்டத்தைப் பாருங்கள். அதன் குறுக்கே இடவலமாக ஒரே ஒரு நேர்க்கோடு செல்கிறது. அக்கோட்டில் மின்மறுப்பு சுழி. இடக்கோடி சுழி மின்தடை, அதாவது குறுக்குச்சுற்று. வலக்கோடி முடிவிலி, அதாவது திறந்த முனை. நடுவே 1 என்னும் மையம். அதாவது 50 ஓம். கோட்டின் மீது மையம் கொண்டு, வலக்கோடியில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வட்டங்கள் மின்தடை வட்டங்கள். அதே வலக்கோடியிலிருந்து மேலும் கீழும் விரியும் விற்கள் மின்மறுப்பு விற்கள். மேற்பாதி மின்தூண்டிக்கு உரியது. கீழ்ப்பாதி மின்தேக்கிக்கு உரியது.

0.5 என்று எழுதப்பட்ட மின்தடை வட்டத்தைப் பற்றிச் செல்லுங்கள். மேற்பாதியில் 1 என்று எழுதப்பட்ட வில்லை அது வெட்டும் இடமே நமது ஆண்டெனா. அப்புள்ளி மையத்திற்கு நேர் மேலே, ஒரு மயிரிழை வலப்புறம் தள்ளி அமைந்திருக்கும். மையத்திலிருந்து அதன் தொலைவு, வட்டத்தின் ஆரத்தில் ஏறத்தாழ 0.62 பங்கு. இந்த 0.62 வெறும் வரைபடத் தொலைவு அன்று. ஆண்டெனாவை அடைந்த அலையின் வீச்சில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதையே அது காட்டுகிறது. மையத்தில் நின்றால் எதிரொளிப்பே இல்லை; விளிம்பில் நின்றால் முழு எதிரொளிப்பு.

அடுத்து நகர்தல். ஆண்டெனாவிலிருந்து வடத்தின் வழியே மின்னியற்றியை நோக்கி நடப்பதாகக் கொள்வோம். வடத்தில் இழப்பு இல்லையெனில், திரும்பும் அலையின் வீச்சு எங்கும் ஒன்றே. ஆகவே மையத்திலிருந்து நமது தொலைவு மாறாது. மாறுவது கட்டம் மட்டுமே. சுமையிலிருந்து விலக விலக, திரும்பும் அலை மேன்மேலும் தாமதமாகவே நம்மை வந்தடையும். தாமதம் என்றால் கோணம் குறைகிறது. கோணம் குறைவது வலஞ்சுழியாகச் சுழல்வதாகும். எனவே மின்னியற்றியை நோக்கிய பயணம் எப்போதும் கடிகார முள் செல்லும் திசையிலேயே அமையும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; தாமதத்தை நினைத்தால் திசை தானே விளங்கும்.

எவ்வளவு சுழல வேண்டும்? நாம் ஓரடி பின்வாங்கினால், அலை சுமையை அடைய ஓரடி கூடுதலாகச் செல்கிறது. திரும்பி வரவும் ஓரடி கூடுதலாகிறது. பாதை இருமடங்காவதால், அரை அலைநீளம் நடந்தாலே ஒரு முழுச் சுற்று முடிந்து, புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிடுகிறோம். இதனால்தான் வரைபடத்தின் வெளி விளிம்பில் உள்ள அலைநீள அளவுகோல் இடக்கோடியில் 0 என்று தொடங்கி, உச்சியில் 0.125, வலக்கோடியில் 0.25, அடியில் 0.375 எனச் சென்று, மீண்டும் இடக்கோடியில் 0.5 என முடிகிறது. முழுச் சுற்று ஓர் அலைநீளம் என்று எண்ணிவிடுவது தொடக்கநிலை மாணவர் பலரும் செய்யும் பிழை.

நமது வடத்தின் நீளம் 59.4 செ.மீ. எனக் கொள்வோம். அதை 3 மீட்டரால் வகுத்துவிடக் கூடாது. பாலிஎத்திலீன் காப்புப்பொருள் நிறைந்த வடத்தில் அலை, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 66 விழுக்காடு வேகத்திலேயே செல்கிறது. ஆகவே வடத்திற்குள் அலைநீளம் 198 செ.மீ. வடத்தின் நீளம் 59.4 / 198 = 0.3 அலைநீளம்.

மையத்திலிருந்து ஆண்டெனாப் புள்ளியின் வழியே விளிம்பு வரை ஒரு கோடு இழுங்கள். அது 'மின்னியற்றியை நோக்கி' என்னும் அளவுகோலை 0.135இல் வெட்டும். அதனுடன் 0.3ஐக் கூட்டினால் 0.435. விளிம்பில் அவ்விடத்தைக் குறித்து, மையத்துடன் இணையுங்கள். கவராயத்தை மையத்தில் ஊன்றி, ஆண்டெனாப் புள்ளியின் தொலைவில் விரித்து, வலஞ்சுழியாக ஒரு வில் வரையுங்கள். வில் புதிய கோட்டை வெட்டும் இடத்தில் மின்தடை ஏறத்தாழ 0.28, மின்மறுப்பு ஏறத்தாழ −0.41. அவற்றை 50ஆல் பெருக்கினால் 14 − j20 ஓம்.

இங்குச் சற்று நிற்க வேண்டும். ஆண்டெனா மின்தூண்டி போல் இருந்தது. ஆனால் ஒலிபரப்பியின் கண்ணுக்கு அது மின்தேக்கி போல் தெரிகிறது. ஆண்டெனாவின் மதிப்பை மட்டும் நம்பி, ஒலிபரப்பியின் அருகில் ஒரு மின்தேக்கியைத் தொடராக இணைத்து −j50 சேர்ப்பவர், பொருத்தமின்மையை நீக்குவதற்கு மாறாக, மின்மறுப்பை −j20இலிருந்து −j70ஆக வளர்த்துவிடுவார். அவ்விடத்தில் மின்மறுப்பை நீக்க வேண்டியது ஏறத்தாழ 32 நானோஹென்றி மின்தூண்டி. எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் மின்எதிர்ப்பை மட்டும் சொல்வது பாதிச் செய்தியே.

வழியில் நாம் கடந்து வந்த ஓர் இடமும் கவனிக்கத்தக்கது. 0.25இல் நமது வில் நேர்க்கோட்டின் வலப்பாதியை வெட்டியது. அங்கே மின்மறுப்பு இல்லை, மின்தடை 4.27 மடங்கு, அதாவது ஏறத்தாழ 213 ஓம். தடத்தின் மின்னழுத்தம் பெருமமாக இருப்பதும் அங்கேதான்; ஆண்டெனாவிலிருந்து 23 செ.மீ. தொலைவு. மேற்பாதியில் தொடங்கும் எந்தச் சுமையும் மின்னியற்றியை நோக்கி நகரும்போது முதலில் மின்னழுத்தப் பெருமத்தைத்தான் சந்திக்கும். உங்கள் வில் முதலில் இடப்பாதியை வெட்டினால், திசை தவறிவிட்டது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

திசை தவறி இடஞ்சுழியாகச் சென்றால், அளவுகோலில் 0.335இல் போய் நிற்போம். விடை 39 − j69 ஓம் என்று வரும். வியப்பு என்னவெனில், திசையைச் சரியாகக் கொண்டு, வேகக் குறைவை மறந்து 3 மீட்டரால் வகுத்தவரும் 0.198 மட்டுமே நகர்ந்து, 0.333இல் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்பார். இருவர் விடையும் ஒத்துப்போவதால் இருவரும் சரி என்று ஆகிவிடாது. ஒத்த விடையை விட, கடந்து வந்த பாதையைச் சரிபார்ப்பதே நம்பத்தக்கது.

இதுவரை இழப்பற்ற வடத்தைக் கருதினோம். மெய்யான வடம் அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடும். சுமையிலிருந்து விலக விலகத் திரும்பும் அலை நலிவதால், நமது பாதை வட்டமாக இல்லாமல், மையத்தை நோக்கிச் சுருங்கும் சுருள் வளைவாகிறது. 60 செ.மீ. வடத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. உயர்ந்த கோபுரத்திற்குச் செல்லும் நீண்ட, மெல்லிய வடத்தில் நன்றாகவே தெரியும். ஒருமுறை செல்கையில் திறன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வடத்தில், போய்த் திரும்பும் அலையின் திறன் உச்ச அளவில் நூற்றில் ஒரு பங்கே. வீச்சில் அது பத்தில் ஒரு பங்கு. அத்தகைய வடத்தின் உச்சியில் ஆண்டெனா முறிந்து விழுந்திருந்தாலும், கீழே நின்று அளப்பவரின் புள்ளி மையத்தை ஒட்டியே நிற்கும். 50 ஓமுக்கு அருகில், எல்லாம் நலமென்பது போல. ஐயம் எழுந்தால், ஆண்டெனாவைக் கழற்றி, வடத்தின் மேல்முனையைத் திறந்து வைத்து மீண்டும் அளக்க வேண்டும். நல்ல வடமாயின் புள்ளி விளிம்பருகே தாவும். அப்போதும் மையத்தை விட்டு நகரவில்லையெனில், முன்பு நாம் படித்தது ஆண்டெனாவை அன்று, வடத்தின் இழப்பையே.